அறிக்கைக்கு முன்பே போக வேண்டிய செய்தி: ஒரு கசடு சம்ப் விபத்தை வைத்து

கேள்வி: ஐயா, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் மூன்று யூனிட்டுகளுக்கு நான் ஒருவனே பாதுகாப்பு அலுவலர். இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு 14ஆம் தேதி காலை, யூனிட் 2-இன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு சம்பைத் திறந்தார்கள். வாய்ப்பகுதியில் மீட்டரைப் பிடித்தபோது ஆக்சிஜன் 20.8, ஹைட்ரஜன் சல்பைடு 3 பிபிஎம். அடைத்திருந்த பம்ப் ஹோஸை எடுக்க ஒருவர் ஏணியில் நான்கு படி இறங்கிக் கசடைக் கழியால் கிளறியதும், 10.40-க்கு மயங்கிவிட்டார். மேலே நின்றவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். இருவரும் மருத்துவமனையில் இருக்கிறார்கள், நினைவு இருக்கிறது. 10.55-க்கு மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கசடு மட்டம் வரை இறக்கினோம், 86 காட்டியது. 11.25-க்கு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை முழுவதும் எழுதினேன். "அனைவருக்கும் வணக்கம். இன்று காலை நமது யூனிட்டில் வருந்தத்தக்க சம்பவம் ஒன்று நடந்தது" என்று தொடங்கி நான்கு பத்தி. அப்படியும் 12.10-க்கு யூனிட் 3-இல் அதே மாதிரி சம்பைத் திறந்துவிட்டார்கள். நல்ல வேளையாக ஆபரேட்டர் நாற்றம் தெரிந்து மூடிவிட்டார். டிரம் பகுதியினர் 10.30-க்கு அமில நீரை வடித்ததாக ஒருவர் சொல்கிறார், அவர்கள் மறுக்கிறார்கள். காரணம் உறுதியாகும் வரை எதையும் எழுதாதே என்கிறார் மேலாளர். அறிக்கைக்கு ஒரு வாரமாவது ஆகும். அதுவரை குழுவுக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

அந்த ஆபரேட்டர் மூடியைத் திறந்த பிறகு நாற்றத்தை உணர்ந்ததால் தப்பினார் என்பதை நாம் நிம்மதியோடு படிக்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை போல நாறும். ஆனால் 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். 700-ஐ எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடலாம். யூனிட் 3-இல் அன்று நாற்றம் அடித்தது என்றால் அளவு குறைவாக இருந்தது என்றுதான் பொருள். கசடு இன்னும் கொஞ்சம் கிளறப்பட்டிருந்தால் அந்த நாற்றம் சீக்கிரமே தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே உங்கள் செய்தி 12.10-க்கு முன் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அது ஏன் நிறுத்தவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் எழுதியது அறிக்கையின் சுருக்கம். அறிக்கை நடந்ததை வரிசையாகச் சொல்லும்: எப்போது திறந்தார்கள், யார் இறங்கினார், என்ன ஆனது, என்ன செய்தோம், இனி என்ன செய்யலாம். அதைப் பாதியாகக் குறைத்தாலும் கால்பங்காகக் குறைத்தாலும் அந்த வரிசை மாறாது. படிப்பவர் செய்ய வேண்டிய காரியம் கடைசியில்தான் வரும். ஷிப்டில் நிற்கும் மேற்பார்வையாளர் கையுறையைக் கழற்றாமல் போன் திரையை ஒருமுறை பார்க்கிறார். பூட்டிய திரையில் செய்தியின் முதல் ஓரிரு வரிகளே தெரியும். "அனைவருக்கும் வணக்கம், வருந்தத்தக்க சம்பவம்" என்பதைப் பார்த்த யூனிட் 3 மேற்பார்வையாளர், அடுத்த யூனிட்டில் நடந்த ஒரு துயரச் செய்தி, உணவு இடைவேளையில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்யவிருந்த வேலைக்கும் அந்த வரிக்கும் தொடர்பு உண்டு என்று அந்த வரி அவரிடம் சொல்லவே இல்லை.

அவசரச் செய்திக்கு வேறு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் குழுவில் இருப்பவர்களில் யார், அடுத்த ஒரு மணி நேரத்தில், இதே ஆபத்தைத் தெரியாமல் தொடப்போகிறார்கள்? அவர்கள் கை எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்? விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாள் காலையில் மூன்று யூனிட்டிலும் சம்ப் வேலை நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எனவே முதல் வரி அவர்களுக்கான கட்டளையாக இருக்க வேண்டும். வணக்கம் வேண்டாம், வருத்தமும் இந்த வரியில் வேண்டாம். அடிபட்டவர்கள் மீது நமக்குள்ள அக்கறை, மூன்றாவது ஆள் அதே குழியில் இறங்காமல் பார்த்துக்கொள்வதில்தான் அன்று தெரிய வேண்டும்.

இனி, மேலாளர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உறுதியாகாமல் காரணத்தை எழுதக்கூடாது என்ற அளவில் அவர் சொல்வது முழுக்க சரி. அதனால் எதையுமே எழுதக்கூடாது என்பதுதான் தவறு. இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிந்தது. குழாய் இணைப்பில் கேஸ்கட் பிய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். "கேஸ்கட் பழுதினால் அமோனியா கசிவு, எல்லாக் கிடங்குகளிலும் கேஸ்கட்டைச் சோதிக்கவும்" என்று அரை மணி நேரத்தில் செய்தி அனுப்பினேன். எல்லோரும் கேஸ்கட்டைச் சோதித்தார்கள், பழையவற்றை மாற்றினார்கள், நிம்மதியானார்கள். ஒன்பதாம் நாள் இன்னொரு கிடங்கில் புது கேஸ்கட்டே பிய்ந்து ஒருவருக்குக் கண் பாதித்தது. உண்மையில் நடந்தது வேறு. திரவ அமோனியா நிறைந்த குழாயின் இரு முனை வால்வுகளையும் ஒரே நேரத்தில் மூடிவிட்டார்கள். உள்ளே சிக்கிய திரவம் வெளிச் சூட்டில் விரிந்து, போக வழியின்றி, இருப்பதிலேயே பலவீனமான இடத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் எழுதிய ஒரே ஒரு காரணச் சொல், மற்ற கிடங்குகளின் கவனத்தை வால்விலிருந்து கேஸ்கட்டுக்குத் திருப்பிவிட்டது. "குழாய் இணைப்பிலிருந்து திரவ அமோனியா வந்தது, காரணம் தெரியவில்லை, திரவக் குழாயில் எந்த வால்வையும் பொறியாளரைக் கேட்காமல் மூடாதீர்கள், திறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழி இதுதான். காரணம் தெரியாதபோது, நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய காரணங்கள் எல்லாவற்றையும் மனத்தில் வரிசைப்படுத்தி, எது உண்மையாக இருந்தாலும் ஆளைக் காப்பாற்றும் கட்டளை எது என்று பார்க்க வேண்டும். உங்கள் சம்பில் சந்தேகம் இரண்டு. ஒன்று, இரண்டு நாள் அசையாமல் கிடந்த கசடில் காற்றுப் புகாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள், குரோம் பதனீட்டிலிருந்து வரும் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றியிருக்கும். கசடுக்குள் கரைந்தும் குமிழாகவும் அடைபட்டிருந்த வாயு, கழியால் கிளறியதும் ஒரேயடியாக வெளியே வந்திருக்கும். இரண்டு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு நீரில் சோடியம் சல்பைடு இருக்கும். சுண்ணாம்பின் காரத்தில் அது கரைந்தே கிடக்கும், ஆனால் அமிலக் குளியல் நீரோ குரோம் நீரோ அதில் கலந்து காரத்தன்மை இறங்கினால் வாயுவாகப் பிரிந்துவிடும். பிஎச் 10-க்கு மேல் வாயு அநேகமாக இராது. 7-க்கு வந்தால் கரைந்த சல்பைடில் பாதியளவு ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வெளியேறத் தயாராக நிற்கும். இவற்றில் எது நடந்தது, அல்லது இரண்டும் சேர்ந்து நடந்தனவா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். டிரம் பகுதியின் பதிவேடு, சம்ப் நீரின் பிஎச், கசடின் மாதிரி எல்லாம் வேண்டும்.

ஆனால் கட்டளைக்கு அந்த ஒரு வாரம் தேவையில்லை. முதல் காரணத்துக்கு: மூடியைத் திறக்காதே, கசடைக் கிளறாதே, இறங்காதே. இரண்டாவது காரணத்துக்கு: அமில நீரையும் குரோம் நீரையும் இப்போதைக்கு வடிக்காதே. இரண்டையும் போட்டுவிட்டால், டிரம் பகுதியினர் வடித்தார்களா இல்லையா என்ற தகராறுக்குள் போகாமலேயே அந்த ஆபத்தை அடைத்துவிடுகிறோம். "டிரம் பகுதி அமில நீரை வடித்ததால்" என்று எழுதியிருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் குழுவில் மறுப்பும் சண்டையும்தான் நடந்திருக்கும்; சம்பைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "அமிலக் குழாய் வால்வை மூடுங்கள்" என்று எழுத எனக்கும் கை வரும், ஆனால் எழுத மாட்டேன். வால்வை மூடினால் தண்ணீர் எங்கே தேங்கும், எந்தத் தொட்டி வழியும் என்பது ஒவ்வொரு யூனிட்டிலும் வேறு. வால்வு இருக்கும் இடமே சம்புக்குப் பக்கத்தில் இருக்கலாம், மூடப்போனவர் வாயுவுக்குள் நடக்கலாம். டிரம்மின் கதவைத் திறக்காமல் தோலை அதே நீரில் விட்டுவைப்பது, எந்த ஷிப்ட் இன்சார்ஜும் நின்ற இடத்திலிருந்தே செய்யக்கூடிய காரியம். அவசரச் செய்தியில் வரும் கட்டளை, அதை எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் தவறாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உற்பத்திப் பிரிவினர் முணுமுணுப்பார்கள். அதனால்தான் அந்தத் தடைக்கு ஒரு நேர எல்லை வைத்து, அந்த நேரத்தில் மறுபடி பேசுவேன் என்று செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தகவலை வைத்து, அன்று 11.00 மணிக்கு நான் இப்படி அனுப்பியிருப்பேன்:

> நிறுத்துங்கள்: யூனிட் 1, 2, 3 எதிலும் கசடு சம்பைத் திறக்காதீர்கள், கிளறாதீர்கள், இறங்காதீர்கள். திறந்திருந்தால் எல்லோரும் காற்று வரும் பக்கமாக விலகுங்கள். அருகே போகாமல் எனக்குப் போன் செய்யுங்கள்.
>
> அமில நீர், குரோம் நீர் எதையும் டிரம்மிலிருந்து வடிக்காதீர்கள்.
>
> 14ஆம் தேதி காலை 10.40, யூனிட் 2 கசடு சம்பில் நச்சு வாயு (ஹைட்ரஜன் சல்பைடு). ஒருவர் மயங்கினார். இருவர் மருத்துவமனையில், நினைவுடன், கண்காணிப்பில்.
>
> கிளறும் முன் வாய்ப்பகுதியில் மீட்டர் 3 காட்டியது. கிளறிய பின் கசடு மட்டத்தில் 86. எச்சரிக்கை எல்லை 10. வாய்ப்பகுதி அளவை நம்பி வேலை செய்யாதீர்கள்.
>
> யாராவது விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள். கயிறு இருந்தால் மேலிருந்து இழுங்கள். இல்லையெனில் மூச்சுக் கருவிக் குழுவையும் 101, 108 இரண்டையும் அழையுங்கள்.
>
> காலையில் யூனிட் 2 சம்ப் அருகில் நின்ற எவருக்கேனும் இருமல், கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே சொல்லுங்கள்.
>
> காரணம் இன்னும் தெரியவில்லை. ஷிப்ட் இன்சார்ஜ்கள் 11.15-க்குள் யூனிட் எண்ணுடன் "சம்ப் மூடியிருக்கிறது, ஆள் யாரும் இல்லை" அல்லது "சம்ப் திறந்திருக்கிறது" என எழுதுங்கள். அடுத்த தகவல் 13.00. (செய்தி 1, 11.00 மணி)

இதில் எது ஏன் இருக்கிறது என்பதைவிட, எது ஏன் இல்லை என்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பயன்படும். ஆக்சிஜன் 20.8 என்ற அளவை விட்டுவிட்டேன். அறிக்கையில் அது கட்டாயம் வேண்டும்; செய்தியில் அது ஆபத்தானது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20.9 விழுக்காடு, ஆகவே 20.8 என்று படிப்பவர் காற்று நன்றாகத்தானே இருந்தது என்று நினைப்பார். நூறு பிபிஎம் என்பது காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆளை மயக்கும் அளவு நச்சு வாயு இருந்தாலும் ஆக்சிஜன் எண் அசையாது. இதை விளக்க நான்கு வரி வேண்டும், செய்தியில் அதற்கு இடமில்லை. விளக்காமல் போட்டால் தவறாகப் புரியும் எண்ணை, உண்மையாகவே இருந்தாலும், அந்த நேரத்தில் எழுதாமல் விடுவதே சரி.

அதே காரணத்தால்தான் சம்பில் அளந்தவற்றில் 3, 86 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்தேன். அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் பாடம் தெரியும். "அதிக அளவு வாயு" என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு நல்ல மேற்பார்வையாளர் தன் சம்பின் வாயில் மீட்டரைப் பிடித்து, 3 காட்டுகிறது, இங்கே பரவாயில்லை என்று ஆளை இறக்குவார்; அவர் பார்வையில் அவர் செய்தியை மதித்தே நடந்திருப்பார். யூனிட் 2-இல் நடந்ததும் அதுதானே. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: 3-க்கும் 86-க்கும் இடையே இடமும் மாறியிருக்கிறது, நேரமும் மாறியிருக்கிறது. வாயு முதலிலேயே கீழே தேங்கியிருந்து வாய்ப்பகுதியில் மட்டும் தெரியாமல் போயிற்றா, அல்லது கிளறியதால்தான் வந்ததா என்பதை இந்த இரண்டு அளவுகளால் சொல்ல முடியாது. அதனால்தான் "கிளறும் முன்", "கிளறிய பின்" என்ற சொற்களைச் சேர்த்தேன். அவை இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் மேலும் கீழும் எடுத்த அளவு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அறிக்கை வரும்போது செய்தி பொய்யாகிவிடும்.

86 என்ற அளவு 10.55-க்கே கிடைத்தது உங்கள் நல்வாய்ப்பு. கிடைக்காமல் போயிருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் பத்தியும், விபத்து நடந்த நேரமும் இடமும், பதில் கேட்கும் வரியும் இருந்தால் 10.50-க்கே அனுப்பலாம், எண்ணைச் செய்தி 2-இல் சேர்க்கலாம்.

பெயர்களை எழுதவில்லை. மயங்கியவரின் மனைவி மருத்துவமனையிலிருந்து போன் வருவதற்கு முன் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பில் கணவர் பெயரைப் பார்க்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. மயங்கியவர் காண்ட்ராக்ட் தொழிலாளியா என்பதையும் எழுதவில்லை. அது ஆபத்தை விளக்காது, யார் பொறுப்பு என்ற பேச்சைத்தான் தொடங்கிவைக்கும். படம் அனுப்பத் தோன்றினால், பாதிக்கப்பட்டவரின் படம் ஒருபோதும் வேண்டாம். எந்த மூடி என்று புதியவருக்கும் தெரியும்படி சம்ப் மூடியின் பழைய படம் ஒன்றை அடுத்த செய்தியாகப் போடலாம்.

"நலமாக உள்ளனர்" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் பதறக்கூடாது என்ற நல்ல மனத்தில்தான் எழுதுகிறோம். ஹைட்ரஜன் சல்பைடை அதிக அளவில் சுவாசித்தவருக்கு, முதலில் தெளிந்து எழுந்து பேசினாலும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். ஆகையால் நலம் என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. மருத்துவர் சொல்ல வேண்டும். "நினைவுடன், கண்காணிப்பில்" என்பது உண்மையாகவும் இருக்கிறது, பதற்றத்தையும் கிளப்பாது. அருகில் நின்றவர்களைத் தேடும் வரியும் இதே காரணத்துக்காகத்தான். கயிற்றை இழுத்தவரைத் தவிர வேறு யாரெல்லாம் குழி வாயில் குனிந்து பார்த்தார்கள் என்பது 11.00 மணிக்கு உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களில் ஒருவர் இருமலை அலட்சியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக்கூடாது.

பின்னால் இறங்காதீர்கள் என்ற வரியைச் சிலர் மிகை என்பார்கள். மூடியைத் திறக்காதே என்று சொன்ன பிறகு இது எதற்கு என்பார்கள். குறுகிய இடத்து விபத்துகளைப் படித்தவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாம் ஆள், அவரைத் தூக்க இறங்கிய மூன்றாம் ஆள் என்று சாவு எண்ணிக்கை கூடுவதே இந்தக் குழிகளின் வழக்கம். முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான். துணியோ தூசி முகமூடியோ இந்த வாயுவைத் தடுக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே, வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தந்திருந்தாலன்றி, மூச்சுக் கருவியும், மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்கும் கயிற்றோடு கட்டிய இடைவாரும் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று எழுதிவைத்தது. உங்கள் யூனிட் 2-இல் கயிறு இருந்தது. அந்தக் கயிறுதான் இருவரையும் காப்பாற்றியது. யூனிட் 3-இல் இருந்ததா என்று விசாரித்தீர்களா?

அனுப்பிய பிறகு செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நீல டிக் விழுந்ததை வைத்து யாரும் படித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். போன் திறந்திருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கட்டைவிரல் படமும் "சரி சார்" என்பதும் அப்படியே. அதனால்தான் ஷிப்ட் இன்சார்ஜ் சம்ப் மூடியைத் தள்ளி நின்றாவது கண்ணால் பார்க்காமல் எழுத முடியாத ஒரு வாக்கியத்தைப் பதிலாகக் கேட்டேன். 11.15 ஆனதும் எந்த யூனிட்டிலிருந்து பதில் வரவில்லையோ அந்த யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் ஆளை அனுப்புங்கள். "திறந்திருக்கிறது" என்று பதில் வந்தால், ஆள் யாரும் அருகில் போகாதபடி தள்ளிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு, மீட்டரோடு நீங்களே போக வேண்டும். யூனிட் 3 உங்கள் செய்திக்குப் பதில் எழுதவில்லை என்பது அன்று 11.40-க்கே தெரிந்திருக்க வேண்டும். மூடி திறப்பதற்கு அதன் பிறகும் அரை மணி நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரம் உங்கள் நான்கு பத்தியைவிட என்னை அதிகம் வருத்துகிறது.

சம்பில் உண்மையாக வேலை செய்கிறவர்களில் பலர் அந்தக் குழுவிலேயே இல்லை என்பதையும் மறக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது; அவர்களுடைய மேஸ்திரி படித்தால்தான் உண்டு. முதல் பத்தியை மட்டும் இந்தியில் பேசித் தெரிந்த ஒருவரைக் கொண்டு இருபது வினாடிக் குரல் பதிவாகச் செய்தியோடு அனுப்புங்கள். மேஸ்திரி அதை ஆட்களுக்கு நடுவே உரக்கப் போட்டுக் கேட்கவைக்கலாம்.

செய்தியில் தேதி, மணி, யூனிட் எண் எல்லாம் எழுதியிருப்பது, அது கைமாறிப் போகும் என்பதற்காக. "இன்று காலை நமது யூனிட்டில்" என்று நீங்கள் எழுதியது மறுநாள் வேறொரு தொழிற்சாலைக் குழுவில் போய் விழுந்தால், அங்கே அன்று காலை விபத்து என்றாகிவிடும். ஏதாவது தவறாகப் போய்விட்டால் செய்தியை அழிக்கவோ திருத்தவோ முயல வேண்டாம். வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம் என்றாலும், திருத்தியது ஏற்கெனவே படித்தவருக்கு மறுபடி மணியடித்துச் சொல்லாது. முன்னமே வேறு குழுவுக்குப் போன பிரதியும் மாறாது. "செய்தி 2, 11.35 மணி. திருத்தம்: செய்தி 1-இல் கசடு மட்ட அளவு 86 என்றிருந்தது. இரண்டாவது மீட்டரில் 64. தடை அப்படியே தொடர்கிறது" என்று புதிதாக எழுதுங்கள். எது மாறியது என்பதோடு எது மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண் குறைந்ததைப் பார்த்துத் தடை தளர்ந்தது என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடம் தரக்கூடாது.

மேலாளருக்கு உள்ள பயம் நியாயமானது என்பதால் அவரிடம் எப்படிப் பேசலாம் என்றும் சொல்கிறேன். குழுவில் போகும் எதுவும் நாளை ஆய்வாளர் முன்பும் நீதிமன்றத்திலும் ஆவணமாக வரலாம் என்று அவர் நினைக்கிறார், வரும்தான். நான் மேலே எழுதிய மாதிரிச் செய்தியை அவரிடம் காட்டி, இதில் எந்த வாக்கியம் ஒரு வாரம் கழித்துப் பொய்யாகக்கூடும் என்று கேளுங்கள். "அலட்சியம்", "விதிமீறல்", "காரணமாக", "இருக்கலாம்" என்ற சொற்கள் அதில் இல்லை. பார்த்தது, அளந்தது, கட்டளை, தெரியாதது தெரியாது என்ற ஒரு வரி, அவ்வளவே. 10.40-க்கு விபத்து நடந்தது தெரிந்தும் மற்ற யூனிட்டுகளுக்குச் சொல்லாமல் இருந்து 12.10-க்கு இன்னொருவர் விழுந்திருந்தால், அந்த மௌனத்துக்குத்தான் அவரால் எந்த ஆவணத்தையும் காட்ட முடியாது. சட்டப்படி அரசுத் துறைக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்பு வேறு. அதன் படிவமும் கெடுவும் தனி. குழுச் செய்தி அதற்கு மாற்றாகாது, அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

இரவு நேரத்தில் மேலாளரை எழுப்பி ஒப்புதல் வாங்க நேரமிருக்காது. ஆகவே முதல் பத்தி வகையான கட்டளையை, அதாவது நிறுத்து, விலகு, இறங்காதே என்பதை, யாரிடமும் கேட்காமல் அனுப்பும் அதிகாரத்தை உங்களுக்கும் மூன்று ஷிப்ட் இன்சார்ஜ்களுக்கும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேலையை மறுபடி தொடங்கச் சொல்லும் அதிகாரம் அவரிடமே இருக்கட்டும். நிறுத்துவது தவறாகிப்போனால் போவது சில மணி நேர உற்பத்தி. தொடங்குவது தவறாகிப்போனால் போவது வேறு.

13.00 என்று எழுதியதால் 13.00-க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்தி போக வேண்டும். "புதிய தகவல் இல்லை, தடை தொடர்கிறது, அடுத்தது 17.00" என்பதே போதும். அது போகாவிட்டால், சொன்ன நேரம் கடந்துவிட்டது, இனிப் பரவாயில்லை என்று மாலை ஷிப்டில் யாராவது மூடியைத் தூக்குவார். தடையை நீக்கும் செய்தியையும் முதல் செய்தியைப் போலவே எண்ணிட்டு, எந்த யூனிட்டுக்கு நீக்கம், எதற்கு மட்டும் நீக்கம் என்று பிரித்து எழுதுங்கள். உதாரணமாக: "செய்தி 5, 15ஆம் தேதி 16.00. அமில நீர், குரோம் நீர் வடிக்கும் தடை யூனிட் 1, 3-க்கு நீக்கம். யூனிட் 2-க்குத் தொடர்கிறது. கசடு சம்பைத் திறக்கும் தடை மூன்று யூனிட்டுக்கும் தொடர்கிறது. மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும், கிளறிய பிறகு மறுபடியும் அளந்து, காற்றோட்ட விசிறி வைத்து, புதிய பர்மிட் வரும் வரை." ஐந்து செய்திகளையும், யார் எத்தனை மணிக்குப் பதில் எழுதினார்கள் என்பதையும், அனுப்பிய நேரம் தெரியும்படி அப்படியே படமெடுத்து அறிக்கையோடு இணைத்துவிடுங்கள். யூனிட் 3-இன் பதில் வராத இடம் அதில் காலியாகவே தெரியட்டும். விசாரணைக் குழு அதையும் பார்க்க வேண்டும்.